ஈப்போவுக்கு எட்டாத நூல்

சுங்கை சிப்புட் பக்கம் புதிதாகக் கட்டிய மண்டபத்தின் திரைச்சீலைகளைக் கழற்றிக்கொண்டு போனவன் யார் என்று ஒரு விசாரணை நடப்பதாகக் கேள்விப்பட்டேன். விசாரிக்கவே வேண்டாம். நான்தான். பட்டப்பகலில், என் கடை வேனை வாசலிலேயே நிறுத்தி, ஏணி போட்டு, கொக்கி கொக்கியாகக் கழற்றினேன். கொடுத்ததும் நான், எடுத்ததும் நான்.

ஈப்போவில் மூன்று மாடியில் துணிக்கடை வைத்திருக்கிறேன். படித்தது மூன்றாம் வகுப்பு. ரப்பர்த் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில் பிறந்து, சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தோட்டம் தோட்டமாக விற்று மேலே வந்தவன். இன்றைக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் நான் திரைச்சீலை மாட்டாத கல்யாண மண்டபம் குறைவு. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அப்படிப்பட்டவன் ஏன் கொடுத்த சீலையைத் திரும்ப எடுத்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

அந்த மண்டபத்தின் நுழைவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே ஒரு நூல் ராட்டை. மேலே சுவரில் ஒரு பெரிய படம்: இரண்டு கைகள் ராட்டையில் நூற்கின்றன, பின்னால் டத்தோ பட்டம் வாங்கிய பிரமுகர் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். கீழே பித்தளைத் தகடு. நம் முன்னோர் கண்டுபிடித்த ராட்டையை டத்தோ அவர்கள் இந்தத் தோட்டத்துப் பெண்களுக்கு வழங்கி வாழ்வு கொடுத்தார், வீடும் பெற்றுத் தந்தார் என்று எழுதியிருக்கிறது. படத்தில் டத்தோவுக்கு முகம் இருக்கிறது. நூற்கிற கைகளுக்கு முகம் இல்லை. வெட்டிவிட்டார்கள்.

அந்தக் கைகள் யாருடையவை என்று எனக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்லப்போவதில்லை. தகட்டில் போட மறுத்த பெயரை நான் இங்கே போட்டு அவர்களுடைய வேலையைச் சுலபமாக்க மாட்டேன். முதலில் அங்கே வரட்டும்.

அந்த அக்காவுக்குக் காது மந்தம். ஈப்போவுக்கு வெளியே இருந்த நூல் ஆலையில் இளவயதிலேயே சேர்ந்தவர். வரிசை வரிசையாக நூல் முறுக்குகிற கதிர்கள் சுற்றுகிற இரைச்சலில் வருடக்கணக்காக நின்றதில் காது போய்விட்டது. அதனால் சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுவது போல இருக்கும். உண்மையாகவே சண்டை போடும்போது நாலு லயம் தள்ளிக் கேட்கும். எதிராளி பேசும்போது காதைக் கொடுக்க மாட்டார். வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். பேசுகிறவன் முடித்ததும் ஒரே ஒரு வார்த்தைதான் வரும்.

“மிச்சத்தச் சொல்லு.”

யார் என்ன சொன்னாலும் அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்பது அவர் கட்சி. நல்ல பாதியை வெளியே வைத்து, மீதியை மடித்து உள்ளே வைப்பார்கள்; அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பார். துணிக்காரன் எனக்கே அது பிடித்துவிட்டது. ஆனால் என்னிடமே காட்டியபோது பிடிக்கவில்லை.

நான் மோட்டார் சைக்கிள் வாங்கிய புதிதில் அவர்கள் தோட்டத்தில் மூட்டையைப் பிரித்தேன். சுத்தமான பருத்திச் சேலை என்று ஒன்றை விரித்துக் காட்டினேன். சரக்குக் கொடுத்த சீனன் அப்படித்தான் சொல்லியிருந்தான். அக்கா ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவினார். முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிரித்துப் பார்த்தார். பிறகு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்து அந்த இழையைக் காட்டினார். பருத்தி என்றால் காகிதம் எரிகிற மாதிரி எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு கறுப்பு மணியாக நின்றது. அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “மிச்சத்தச் சொல்லு, தவுக்கே,” என்றார். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒரு மூட்டையும் கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிளும்தான். முதலாளி என்று கூப்பிட்டால் கேலி என்று தெரியாதா? பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அன்று நான் ஒன்றும் விற்கவில்லை. ஈப்போவுக்குப் போய் அந்தச் சீனனிடம் கத்தியதுதான் மிச்சம்.

இழவு வீட்டிலும் அப்படித்தான். தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணி ஒருவர் செத்தபோது, அவர் கொடுத்தே கை சிவந்தவர் என்று ஒருவர் உருகி உருகிப் பேசினார். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர் குரல் எழுந்தது. மழை பெய்த நாளில் ரப்பர்ப் பாலுக்குப் பால்மரம் வெட்டின பெண்களுக்குச் சம்பளக் கணக்கில் பேர் போடாமல் விட்டவரும் இவர்தானே, அதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தூக்குங்கள் என்றார். இரண்டு பேர் இழுத்துக்கொண்டு போனார்கள். இப்படி ஓர் ஆளை யார் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடுவார்கள்? ஒருவரும் கூப்பிடுவதில்லை. கூப்பிடாமலே வருவார். எனக்கே பல நாள் எரிச்சல் வந்திருக்கிறது.

ராட்டையின் கதை அவருக்குத் தெரிந்ததும் ஒரு சண்டையில்தான். ஆலையில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முறுக்கு என்றால் என்ன என்று காட்ட ஒரு பழைய கை ராட்டை வைத்திருந்தார்களாம். அதைக் கண்டுபிடித்தது எங்கள் சீனாக்காரர்கள் என்று சீன மேஸ்திரி சொல்லியிருக்கிறான். கோவில் திருவிழாவில் பேச வந்தவரோ நம் இந்தியாவில்தான் என்றார். அக்கா இரண்டு பேர் மீதும் கோபப்பட்டுக்கொண்டு ஈப்போ நூலகத்துக்குப் போய், அகராதியைப் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டி ஆங்கிலப் புத்தகம் படித்தார். மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவர். பிறகு பேருந்துக்குக் காத்திருக்கிற நேரத்திலெல்லாம் என் கடைக்கு வந்து, நான் கேட்காமலே கொட்டுவார்.

எவன் கண்டுபிடித்தான் என்று ஒருத்தனுக்கும் தெரியாது என்பது முதல் செய்தி. இந்தியா என்கிறான் ஒருத்தன், சீனா என்கிறான் இன்னொருத்தன், பாரசீகம் என்கிறான் மற்றொருத்தன். ஆயிரம் வருடத்துக்கு முன்னே பின்னே. அதற்கு முன்னால் உலகம் முழுக்க இருந்தது கையில் தொங்குகிற தக்ளிதான்: ஒரு குச்சி, அதன் கீழே கனத்துக்கு ஒரு வட்டு. சுண்டிவிட்டால் சுற்றும், சுற்றும்போது பஞ்சை நீட்டினால் முறுக்கேறி நூலாகும். நின்றால் திரும்பச் சுண்ட வேண்டும். ராஜா உடுத்தியதும், கப்பலுக்குப் பாய் கட்டியதும் அந்தக் குச்சியில் நூற்ற நூலில்தான். யாரோ ஒருத்தி, இல்லை ஒருத்தன், அந்தக் குச்சியைப் படுக்கவைத்து இரண்டு முளைக்கு நடுவே மாட்டினார்கள். அதுதான் கதிர். ஒரு பெரிய சக்கரத்திலிருந்து கதிருக்குக் கயிறு போட்டார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் கதிர் பல பத்துச் சுற்றுச் சுற்றும். அவ்வளவுதான் வித்தை. மிச்சமெல்லாம் கைப்பழக்கம்.

அந்தக் கைப்பழக்கத்தை அவர் என் கடை மேசையில் வெறுங்கையாலேயே செய்து காட்டுவார். வலது கை சக்கரத்தைச் சுற்றும். இடது கை பஞ்சுத் திரியைக் கதிர் நுனியிலிருந்து பின்னால் இழுக்கும். நூல் நுனியிலிருந்து சாய்வாகப் போகிற வரைக்கும் முறுக்கேறிக்கொண்டே இருக்கும். கை எட்டுகிற தூரம் போனதும் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் விட்டு, நூலைக் கதிருக்குக் குறுக்காகப் பிடித்து, முன்னால் சுற்றினால் நூல் கதிரிலே போய்ச் சுற்றிக்கொள்ளும். முறுக்கு, நிறுத்து, சுற்று. மறுபடி முறுக்கு.

அது அராபியர் கைவழியாக வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போனபோது அங்கே நெசவாளர் சங்கங்கள் நம்பவில்லையாம். ஜெர்மனியில் ஓர் ஊரில், ராட்டை நூலைப் பாவுக்குப் போடக்கூடாது, குறுக்கே ஓடுகிற ஊடைக்கு மட்டும் போடலாம் என்று சட்டமே போட்டார்கள். பாவு நூல் தறியில் இழுபட்டு நிற்பது. தாங்காவிட்டால் துணியே போச்சு. தறிக்காரன் சந்தேகப்பட்டதில் தப்பில்லை என்று நானும் சொன்னேன். பிறகு அவர்கள் காலால் மிதிக்கிற பலகை வைத்தார்கள். இரண்டு கையும் பஞ்சுக்குக் கிடைத்தது. கதிரைச் சுற்றி ஓர் இறக்கை வைத்தார்கள். முறுக்குவதும் சுற்றுவதும் ஒரே நேரத்தில் நடந்தது. துணி மலிந்தது. கந்தல் மலிந்தது. அந்தக் கந்தலைக் கூழாக்கித்தான் காகிதமும் மலிந்தது என்பார்கள் என்று சொல்லிவிட்டு, நான் கையில் வைத்திருக்கிற பில் புத்தகத்தை ஒரு தட்டுத் தட்டுவார்.

இதுவரைக்கும் நல்ல பாதி. டத்தோ பேசியதும் இந்தப் பாதியைத்தான்.

தோட்டத்தை ஒரு வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். லயத்தில் இருந்தவர்களுக்கு மலிவு விலை வீடு கட்டித் தருகிறோம் என்று பழைய நிர்வாகம் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தது. புதுக் கம்பெனி அதற்குப் பதிலாக ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெண்களுக்கெல்லாம் ராட்டை தருவோம், பயிற்சி தருவோம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம். அதை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுகிறவர்கள் லயத்தைக் காலி செய்ய வேண்டும், வீடு கேட்கக்கூடாது. திட்டத்துக்கு முகம் டத்தோ. திட்டத்துக்குச் சாட்சி நான். நூற்கிற நூலையெல்லாம் ஈப்போவின் பெரிய துணி வியாபாரி வாங்கிக்கொள்வார் என்று மேடையில் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கம்பெனியின் மாதிரி வீடுகளுக்கெல்லாம் சீலை மாட்டுகிற வேலை எனக்கு வரும் என்று வேறு சொல்லிவைத்தார்கள்.

காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் பந்தல். மேடையில் புது ராட்டைகள், பூ சுற்றி. பக்கத்தில் சாக்குச் சாக்காகக் கேகாபுப் பஞ்சு. தோட்டத்து ஓரத்தில் காய்த்துக் கிடக்கிற இலவ மரத்துப் பஞ்சு. தலையணைக்கு அடைப்போமே, அதுதான். மூலப்பொருள் இங்கேயே சும்மா கிடைக்கிறது என்று கம்பெனிக்காரர் ஒருவருக்கு மூளை வேலை செய்திருக்கிறது. நான் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பருத்தி இழை ரிப்பன் மாதிரி தானாகவே முறுகி நெளிந்திருக்கும், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். இலவம்பஞ்சு மெழுகு தடவின மாதிரி வழுவழுப்பு. என்ன முறுக்கினாலும் பிடிக்காது. துணிக்காரனுக்கு இதைச் சொல்லித் தர ஆள் வேண்டாம். பயிற்சிக்கு வந்த பெண் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. பாவம், தன் பையில் கொஞ்சம் பருத்தித் திரியை ஒளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

டத்தோ பேசினார். நம் முன்னோர் கண்டுபிடித்தது, உலகமெல்லாம் பரவியது, வீட்டுக்கு வீடு பெண்களின் கையில் வேலை கொடுத்தது. நன்றாகத்தான் பேசினார். கைதட்டினார்கள். முன்வரிசையில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “டத்தோ, மிச்சத்தையும் சொல்லிடுங்க,” என்றார். டத்தோ சிரித்துக்கொண்டே, நிகழ்ச்சி நிறைய இருக்கிறது அம்மா என்றார்.

நான் அவர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மேடை ஏறி, நான் நூற்கிறேன் என்றார். நூற்கத் தெரிந்த ஒருத்தி கிடைத்தாளே என்று அமைப்பாளர்களுக்கு ஒரே சந்தோஷம். படம் பிடிக்கிறவரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பயிற்சிப் பெண் திரியை நீட்டினாள். அக்கா உட்கார்ந்தார். டத்தோ பின்னால் வந்து நின்று சிரித்தார். சுவரில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான்.

நடனம் நடந்தது, பரிசு கொடுத்தார்கள், யார் யாரோ பேசினார்கள். அக்கா நிமிரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும், நூற்றுக்கொண்டே இருந்தார். கை சுத்தம், ஒரு தடவைகூட நூல் அறுந்ததாக நான் பார்க்கவில்லை. கையெழுத்து வாங்க மேசை போட்டதும் எழுந்தார். கதிரை ராட்டையிலிருந்து உருவிக்கொண்டார். நூலின் நுனியை மேடைக் காலில் கட்டினார். கதிரின் முனை வழியே நூலை விட்டுக்கொண்டே இறங்கி நடந்தார்.

முதலில் சிரித்தார்கள். பிறகு நாலைந்து பெண்கள் பின்னால் போனார்கள். பிறகு பந்தலே எழுந்து போனது. நூல் புல் மேலும் வேலிச் செடி மேலும் படுத்துக்கொண்டே போனது. கோவிலைத் தாண்டியது. குழந்தைகள் காப்பகத்தைத் தாண்டியது. ரப்பர்த் தகடு காயவைக்கிற புகைவீட்டு வாசலில் கதிர் வெறுமையானது. அக்கா கதிரைத் தூக்கிக் காட்டினார்.

“ஒரு சேலைக்கு எவ்வளவு நூல் வேணும்னு தவுக்கேயக் கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கம்பெனிக்காரரும் பார்த்தார். எனக்குத் தெரியும். பாவும் ஊடையும் சேர்த்தால் ஒரு பருத்திச் சேலைக்கு முப்பது கிலோமீட்டர் நூல் வேண்டும்.

“இங்கேர்ந்து ஈப்போ வரைக்கும் வரும்,” என்றேன்.

புகைவீட்டிலிருந்து பெரட்டுக்களம் தெரிகிறது. ஈப்போ தெரியவில்லை. அப்போதுதான் அக்கா மிச்சப் பாதியைச் சொன்னார். தன் குரலில், நாலு லயம் கேட்க. வெள்ளைக்காரன் தறியில் பறக்கிற ஓடம் வைத்தான். நெசவு வேகமானது, நூல் போதவில்லை. ஒரு தறிக்குப் பல பேர் உட்கார்ந்து நூற்றும் போதவில்லை. அதனால் ஒரே சக்கரத்தில் எட்டுக் கதிரை மாட்டினான். பிறகு தண்ணீரில் ஓட்டினான், நீராவியில் ஓட்டினான். அந்த ஆலை நூல் கப்பலேறி நம் ஊருக்கு வந்தது. நெய்கிறவன் அந்த நூலை வாங்கிக்கொண்டு எப்படியோ தறியை ஓட்டினான். வீட்டில் நூற்ற பெண்களுக்கு, புருஷன் இல்லாதவளுக்கு, கதிர் அப்படியே நின்றது.

“கதிர் நின்ன வீட்டுல இருந்தும் ஆளுங்க இந்தப் பக்கம் கப்பலேறி வந்தாங்க. இப்ப பால்மரமும் போச்சு. மறுபடி அதே கதிரக் கொண்டாந்து குடுக்கறாங்க. நான் மில்லுல நின்னேன்லா. நான் ஒருத்தியே நூத்துக்கணக்கான கதிரப் பாத்துக்கிட்டேன். அதுல ஒரு கதிர் நூக்கிறத இந்தக் கை நூக்காது. இத வச்சிக்கிட்டு வீட்ட விடாதீங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். “தவுக்கே, இந்த நூல நீ வாங்குவியா? மிச்சத்தையும் சேத்துச் சொல்லு.”

“வாங்க மாட்டேன்,” என்றேன். “வாங்கி என்ன செய்யறது? ஆலை நூல் வெலைக்கு வாங்கினா உங்க சோத்துக்குக் காணாது. உங்க சோத்துக்குக் காணற வெலைக்கு வாங்கினா துணிய ஒருத்தனும் வாங்க மாட்டான்.”

கம்பெனியின் சீலை வேலை அங்கேயே போனது. போகட்டும். அதற்குப் பிறகுதான் நான் மூன்றாவது மாடி கட்டினேன்.

பெரும்பாலான குடும்பங்கள் கையெழுத்துப் போடவில்லை. அக்கா முன்னால் நின்று கூட்டிக்கொண்டு போக, தொழிலாளர் இலாகா, நில அலுவலகம் என்று வருடக்கணக்கில் ஏறி இறங்கினார்கள். லயத்துக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். இவர்கள் ஆற்றில் எடுத்தார்கள். கடைசியில் கம்பெனி இறங்கிவந்து பின்பக்கம் இரண்டு வரிசை வீடு கட்டிக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு ராட்டை மட்டும் மிஞ்சியது. ஒரு வீட்டில் அதில் துணி காயப்போட்டிருந்ததை நானே பார்த்தேன்.

அக்காவுக்கு வீடு இல்லை. இதை வீடு கிடைத்த பிறகுதான் பலர் யோசித்தார்கள். அவர் ஆலைக்குப் போனபோதே தோட்டத்துப் பதிவிலிருந்து பெயர் போய்விட்டது. அண்ணன் லயத்தில் ஒண்டிக்கொண்டிருந்தவர். அந்த ராட்டையால் அவருக்கு நஷ்டமும் இல்லை, அந்த வீட்டால் அவருக்கு லாபமும் இல்லை. சுங்கை சிப்புட்டில் ஒரு கடையின் மாடியில் வாடகை அறையில் இருந்து அங்கேயே செத்தார். நான் சீலை கொடுத்த மண்டபத்தில் இன்றைக்குக் குழு போட்டு உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு வரிசை வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் வீட்டுச் சுவரில் இருக்கிற ஒவ்வொரு கல்லும் அந்தக் குரலில் வந்தது. அந்தக் குரலைத்தான் படத்தில் வெட்டியிருக்கிறார்கள். கேட்டால், சட்டகத்துக்குள் அடங்கவில்லை என்கிறார்கள்.

என்னிடமும் அவர் விட்டதில்லை. கடைசியாகக் கடைக்கு வந்தபோது, ஒத்தை ஆளாக நின்று இவ்வளவு பெரிய கடையைக் கட்டினேன் என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தேன். என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாதா மாதம் தவணை கொடுத்து உன் மூட்டையைக் காலி செய்த லயத்துப் பெண்கள் எங்கே என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் வருகிறது. கடை என்னுடையதுதான். ஆனால் அந்தத் தவணை வராமல் இருந்திருந்தால் மூட்டை கடையாகியிருக்காது என்பதும் உண்மை.

திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டு, அந்தத் தகட்டைப் படிக்கச் சொன்னார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் ஏணியோடு போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற ராட்டையில் கதிர் இல்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். வெறும் சக்கரம். அன்றைக்குப் புகைவீட்டு வாசலில் அக்கா கதிரைத் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அது இல்லாமல் ராட்டை நூற்காது என்றுகூடத் தெரியாமல் பெட்டி செய்து பூட்டியிருக்கிறார்கள்.

நேற்று மண்டபத் தலைவர் போன் செய்தார். அந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர். மரியாதையாகத்தான் பேசினார்.

“அண்ணே, சாயங்கால வெயில் நேரா உள்ள அடிக்குது. ஒரு வேலையும் செய்ய முடியல. சீலையக் கொண்டாந்து மாட்டிக் குடுங்கண்ணே.”

“தகட்ட மாத்துங்க. மாத்துன அன்னிக்கே வாரேன்.”

“மாத்தி என்னன்னு எழுதறதுண்ணே?”

சொன்னேன். ராட்டையை யார் கண்டுபிடித்தார்கள் என்று தெரியாது என்று எழுது. இந்த ராட்டையில் நூற்றது யார் என்று தெரியும் என்று எழுது, பெயரைப் போடு. நூல் மேடையிலிருந்து புகைவீடு வரைக்கும் போனது, ஈப்போவுக்குப் போகவில்லை, அதனால்தான் உங்களுக்கு வீடு கிடைத்தது என்று எழுது. வெட்டின படத்தை ஒட்டு.

“அவ்வளவும் தகட்டுல கொள்ளாதுண்ணே,” என்றார்.

பெரிய தகடாகப் போடச் சொன்னேன். செலவு என்னுடையது. சீலைகளைத் துவைத்து, மடித்து, என் மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் வெயில் அடிக்கட்டும்.